கடைசி இருபது நிமிடத்தை மஞ்சு எழுதலாமா?

வாசகர் கேள்வி: வணக்கம். நான் கோவையில் தமிழ்-ஆங்கில மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கதையில் மஞ்சு என்ற மொழிபெயர்ப்பாளரிடம் ஒரு மணி ஐம்பது நிமிட ஒலிப்பதிவு ஒன்று வருகிறது. ஒரே குடும்பத்திலிருந்து பிரிந்த இரண்டு பம்ப் கம்பெனிகள், ஏறக்குறைய ஒரே பெயரை வைத்துக்கொண்டு கோர்ட்டில் மோதிக்கொண்டிருக்கின்றன. அண்ணன் முறை, தம்பி முறை உள்ள இரண்டு முதலாளிகள் சமரசம் பேச உட்கார்ந்ததை, மூத்தவரின் கணக்கு மேலாளர் சட்டைப் பையில் போனை வைத்துப் பதிவு செய்துவிட்டார். மூத்தவரின் கம்பெனியில் கால் பங்குக்கு மேல் வைத்திருக்கும் ஜெர்மன் பங்குதாரருக்குத் திங்கள்கிழமைக்குள் மூன்று பக்க ஆங்கிலச் சுருக்கம் வேண்டும்.

பெயரை மாற்றிக்கொள்ள இளையவர் மூன்று கோடி கேட்கிறார். ஓரிடத்தில் மூத்தவர், "தம்பி, உன்ற பவுண்டரிக்கு மணல் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்கிறார். கடைசி இருபது நிமிடம், அரசு சோலார் பம்ப் டெண்டரில் எந்த மாவட்டம் யாருக்கு என்று பேசுகிறார்கள். மூத்தவர் மஞ்சுவுக்குப் போன் செய்து, "கடைசில இருக்கறது குடும்பப் பேச்சும்மா, அது வேண்டாம்" என்கிறார். மஞ்சு மிரட்டலை மென்மையாக்கி எழுதுகிறாள், கடைசி இருபது நிமிடத்தை ஆடியோவிலிருந்தே வெட்டிவிடுகிறாள். பிறகு மனசாட்சி உறுத்தி, முழுப் பதிவையும் பெயர் சொல்லாமல் ஒரு பத்திரிகைக்கு அனுப்புகிறாள். இதுதான் முடிவு.

திருட்டுத்தனமாகப் பதிவு செய்ததே குற்றம்தானே? வக்கீலைப் போல மொழிபெயர்ப்பாளருக்கும் ரகசியம் காக்கும் கடமை உண்டுதானே? பத்திரிகைக்கு அனுப்பியவளைச் சட்டம் காப்பாற்றுமா? அவள் வேறு என்னதான் செய்திருக்க முடியும்?

பதில்:

அன்புள்ள வாசகருக்கு, கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, ஏனென்றால் மற்ற மூன்றுக்கும் பதில் அதற்குள்ளேயே வந்துவிடும். மஞ்சுவுக்கு நீங்கள் இரண்டே வழி கொடுத்திருக்கிறீர்கள்: முதலாளி சொன்னபடி மறைப்பது, இல்லையென்றால் ஊருக்குச் சொல்வது. இரண்டுமே அவளை மாட்டிவிடும் வழிகள். வணிக வழக்குகளில் ஒலிப்பதிவுகளும் அவற்றின் சுருக்கங்களும் என் மேஜைக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன, அவற்றைப் படிக்கும் வக்கீலாகச் சொல்கிறேன், மஞ்சுவுக்கு மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அது அவள் எழுதும் சுருக்கத்தின் முதல் பத்தியிலேயே இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்தப் பதிவு.

பதிவு செய்தது குற்றமா?

இல்லை. நிறையப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் ஒரு பேச்சில் கலந்துகொண்டவர் அதைத் தானே பதிவு செய்தால், அதற்காகவே அவரைத் தண்டிக்கும் சட்டம் இந்தியாவில் கிடையாது. மூன்றாம் ஆள் நடுவில் புகுந்து போனை ஒட்டுக்கேட்பது வேறு, அது குற்றம். உச்ச நீதிமன்றம் 1972இல் மல்கானி வழக்கில் இதைப் பார்த்தது. பம்பாயில் கொரோனராக, அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியாக இருந்தவர் லஞ்சம் கேட்டு ஒரு டாக்டரிடம் போனில் பேசியதை, அந்த டாக்டரின் சம்மதத்தோடு போலீஸ் பதிவு செய்திருந்தது. பேசிய இருவரில் ஒருவர் சம்மதித்திருந்ததால் அது ஒட்டுக்கேட்பு ஆகாது என்று சொல்லி, நீதிமன்றம் அந்தப் பதிவைச் சாட்சியமாக ஏற்றுக்கொண்டது.

அதனால் உங்கள் கதையில் கேட்க வேண்டிய கேள்வி, கணக்கு மேலாளர் அந்த மேஜையில் இருந்தாரா என்பது. கடைசிவரை உட்கார்ந்திருந்தால் அவர் கலந்துகொண்டவர். போனை நாற்காலியில் மாட்டிய கோட்டுப் பையில் விட்டுவிட்டு வெளியே போய்விட்டார் என்றால், தான் இல்லாத பேச்சைப் பதிவு செய்தவர் ஆகிவிடுவார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு சொன்ன பிறகு, அப்படிப்பட்ட பதிவுக்கு எதிராக இளையவரின் வக்கீல் பலமாகவே வாதாட முடியும். மஞ்சுவுக்கு இது எப்படித் தெரியும்? கேட்டால் தெரியும். மேலாளர் எத்தனை மணித்துளியில் கடைசியாகப் பேசுகிறார், அதன் பிறகு கதவுச் சத்தம் கேட்கிறதா என்று அவள் குறித்து வைத்தால் போதும். கதைக்கும் இது நல்ல இடம், ஏனென்றால் டெண்டர் பேச்சு தொடங்கும்போது மேலாளர் அறையில் இருந்தாரா இல்லையா என்பதில் பல விஷயம் தொங்குகிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சமரசப் பேச்சில் சொன்னதைப் பின்னால் கோர்ட்டில் எடுத்து நீட்ட முடியாது என்று பொதுவாகச் சொல்வார்கள், அது பாதி உண்மை. 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதீய சாட்சிய அதினியத்தின் 21ஆம் பிரிவு, பழைய சாட்சியச் சட்டத்தில் 23ஆம் பிரிவாக இருந்தது, என்ன சொல்கிறதென்றால், இதைச் சாட்சியமாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடோ அப்படிப் புரிந்துகொள்ளக்கூடிய சூழ்நிலையிலோ ஒருவர் ஒப்புக்கொண்ட எதையும் சிவில் வழக்கில் அவருக்கு எதிராகக் காட்ட முடியாது என்கிறது. மூன்று கோடி பேரத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடைக்க வாய்ப்பு அதிகம். மணல் பேச்சுக்கும் மாவட்டப் பங்கீட்டுக்கும் இது குடையாகாது. அவை பெயர்த் தகராறின் சமரசத்தில் சேராதவை, ஒரே மேஜையில் பேசப்பட்டன என்பதைத் தவிர.

ஆடியோவை வெட்டியதுதான் மஞ்சு செய்ததிலேயே ஆபத்தான காரியம். சுருக்கத்தில் ஒரு பகுதியை எழுதாமல் விடுவதும் மூலப் பதிவைக் கத்தரிப்பதும் ஒன்றல்ல. ஏற்கெனவே கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அந்தப் பதிவு ஒரு நாள் சாட்சியமாகக் கேட்கப்படலாம் என்று அவளுக்குத் தெரியும். சாட்சியமாக வரவிடாமல் தடுக்கும் எண்ணத்தோடு மின்னணுப் பதிவை அழித்தால் அது, பழைய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதீய நியாய சன்ஹிதாவின் 241ஆம் பிரிவின்படி குற்றம். மேலாளரின் போனில் மூலம் பத்திரமாக இருக்கிறது, வெட்டியது பிரதியைத்தானே என்று வாதாடலாம். ஆனால் வெட்டிய பிரதியை முழுசு என்று அனுப்பியது அப்படியே நிற்கிறது. அதோடு, இப்போதெல்லாம் மின்னணுப் பதிவைக் கோர்ட்டில் கொடுக்கும்போது சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் தர வேண்டும், அதில் கோப்பின் கைரேகை போன்ற ஹேஷ் மதிப்பையும் எழுத வேண்டும். கோப்பில் ஒரு விநாடி குறைந்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். வெட்டியது யார் என்று கண்டுபிடிக்க ரொம்ப நேரம் ஆகாது.

சுருக்கம் எழுதும் விதம்

மிரட்டலை மஞ்சு ஏன் மென்மையாக்கினாள்? சுருக்கம் என்றால் சாரம், சாரம் என்றால் கடுமையான வார்த்தைகளைத் தட்டிச் சமமாக்குவது என்று அவள் நினைத்திருக்கலாம். பேச்சுவார்த்தையின் சுருக்கத்தில் நேர் எதிராகச் செய்ய வேண்டும். பண்டிகைக்கு ஆள் வராதது, ரோடு, மழை என்று நாற்பது நிமிடம் பேசியதை ஒரே வரியில் முடிக்கலாம். மிரட்டலாகப் படக்கூடிய ஒற்றை வாக்கியத்தைச் சொன்னபடியே, சொன்ன நேரத்தோடு, மேற்கோள் குறிக்குள் எழுத வேண்டும். மேற்கோளுக்குப் பக்கத்தில் "மிரட்டினார்" என்றும் எழுதக் கூடாது, "நினைவூட்டினார்" என்றும் எழுதக் கூடாது. அது மிரட்டலா என்று முடிவு செய்வது படிப்பவரின் வேலை. குற்ற மிரட்டல் என்று சட்டம் ஏற்றுக்கொள்ள, ஆளுக்கோ பெயருக்கோ சொத்துக்கோ தீங்கு செய்வேன் என்ற மிரட்டலும் பயமுறுத்தும் நோக்கமும் வேண்டும். மணல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும் என்பது அந்த எல்லையைத் தொடுகிறதா என்பதில் இரண்டு வக்கீல்கள் ஒரு நாள் முழுக்க வாதாடலாம். அந்த வாதத்துக்கு வாக்கியம் முழுசாக வேண்டும்.

மஞ்சு முதலில் நிறுத்தாமல் முழுப் பதிவையும் ஒரு தடவை கேட்கட்டும், எழுதாமல். யார் குரல் எது என்று பிடிபட அதுவே வழி. சட்டைப் பைக்குள் இருந்த போன் என்பதால் துணி உரசும், பையைப் போட்டிருப்பவரின் குரல் மட்டும் பெரிதாகக் கேட்கும், எதிர்ப்பக்கம் இருப்பவர் பாதி விழுங்கியதுபோல் வருவார். இரண்டாவது தடவை கேட்கும்போது நேரக் குறிப்புகளோடு ஒரு பட்டியல் போடட்டும். அதை இப்படிக் கற்பனை செய்து பார்க்கிறேன்:

00:14:20 பெயர் மாற்ற எவ்வளவு காலம் வேண்டும் என்று மூத்தவர் கேட்கிறார். இளையவர் பதினெட்டு மாதம் என்கிறார். மூத்தவர்: "பதினெட்டு எடுத்துக்க."

00:31:05 இளையவர் மூன்று கோடி கேட்கிறார். பதில் இல்லை. 11 விநாடி அமைதி. டீ வருகிறது. பேச்சு பழைய ஸ்டாக் பக்கம் போகிறது.

00:52:40 மூத்தவர், குரலை உயர்த்தாமல்: "தம்பி, உன்ற பவுண்டரிக்கு மணல் எங்கிருந்து வருதுன்னு எனக்குத் தெரியாதா?" இளையவர்: "அண்ணா, அந்தப் பேச்சு வேண்டாம்." நாற்காலி நகரும் சத்தம்.

01:12:30 பழைய பெயர் ஒட்டிய ஸ்டாக்கை விற்றுத் தீர்க்க விட்டால் இரண்டரைக்கு வருகிறேன் என்கிறார் இளையவர். மூத்தவர்: "வக்கீல்கிட்ட கேட்டுச் சொல்றேன்."

இந்த நான்கு வரியை வைத்தே பாருங்கள். காலம் முடிவாகிவிட்டது, பணம் முடிவாகவில்லை. 31ஆவது நிமிடத்து அமைதியைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு "மூன்று கோடிக்குப் பேசி முடித்தார்கள்" என்று மஞ்சு எழுதிவிட்டால், ஜெர்மனியில் இருப்பவர் அந்தத் தொகைக்கே ஒப்புதல் கொடுப்பார், நாற்பது நிமிடம் கழித்து இளையவரே ஐம்பது லட்சம் இறங்கி வந்தது யாருக்கும் தெரியாமல் போகும். இப்படிப்பட்ட சுருக்கங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு இதுதான், கேட்டதற்குப் பதில் வரவில்லை என்பதை எழுதாமல் விடுவது. அதனால் மூன்று பக்கத்தையும் நடந்த வரிசையில் எழுதுவதைவிட, ஒவ்வொரு விஷயத்துக்கும் யார் என்ன கேட்டார், எதிர்ப்பக்கம் என்ன சொன்னது அல்லது சொல்லவில்லை, கடைசியில் எங்கே நின்றது என்று பிரித்து எழுதுவது நல்லது. கேட்காத இடத்தை "01:03:10, இரண்டு வாக்கியம் தெளிவில்லை" என்று அப்படியே விட்டுவிட வேண்டும், ஊகித்து நிரப்பக் கூடாது. கோபமாகப் பேசினார் என்று எழுதுவதற்குப் பதில் குரல் உயர்ந்தது, இடைமறித்தார், எழுந்தார் என்று காதில் விழுந்ததை எழுத வேண்டும்.

கடைசி இருபது நிமிடம்

இனி அந்த மூன்றாவது வழி. எந்தச் சுருக்கத்துக்கும் முதல் பத்தியில், இது எந்தப் பதிவின் சுருக்கம், எந்த நிமிடத்திலிருந்து எந்த நிமிடம் வரை, யார் கேட்டு எழுதியது என்று இருக்க வேண்டும். பகுதியை மட்டும் எழுதச் சொல்வது வாடிக்கையாளரின் உரிமை. பகுதியை முழுசு என்று காட்டச் சொல்வதற்கு அவருக்கு உரிமை இல்லை. ஆகவே மஞ்சு மூத்தவரிடம் பணிவாகவே சொல்லலாம்: "சரிங்க ஐயா, ஒன்றரை மணி நேரம் வரைக்கும் எழுதித் தர்றேன். ஆனா மேல, மொத்தம் ஒரு மணி ஐம்பது நிமிடப் பதிவு, கடைசி இருபது நிமிடம் கேட்டுக்கொண்டபடி சேர்க்கப்படவில்லைன்னு போட்டுத்தான் தருவேன்." குடும்பப் பேச்சு என்று மட்டும் அவள் எழுதக் கூடாது, அது பொய். டெண்டர் பேச்சு என்று எழுத வேண்டிய கட்டாயமும் இந்த இடத்தில் அவளுக்கு இல்லை. விடுபட்டிருக்கிறது என்று தெரிந்த பங்குதாரர் ஏன் என்று கேட்பார், அதற்கு மூத்தவர் பதில் சொல்லிக்கொள்ளட்டும்.

மூத்தவர் இதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நானும் நினைக்கிறேன். அப்போது முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்து வேலையிலிருந்து விலகுவது ஒன்றுதான் பாதுகாப்பானது, விலகுவதை மெயிலில் இரண்டு வரியாக எழுதிவிட வேண்டும், காரணத்தை விவரிக்கத் தேவையில்லை. விலகாமல் அவர் சொன்னபடியே கொடுத்தால் என்ன ஆகும்? நேர்மையற்ற எண்ணத்தோடு உண்மையை மறைப்பதும் ஏமாற்றுதலில் சேரும் என்று மோசடிக் குற்றத்துக்கான நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது. அந்த மறைப்பை நம்பிப் பங்குதாரர் பணம் போட்டு நஷ்டப்பட்டால், மறைக்கச் சொன்னவரோடு தெரிந்தே எழுதிக் கொடுத்தவரையும் சேர்க்க முயல்வார்கள். மஞ்சுவுக்கு நோக்கம் இருந்தது என்று நிரூபிப்பது சுலபம் இல்லை. ஆனாலும் அந்த விசாரணைக்குள் அவள் போகவே வேண்டாம்.

இன்னும் ஒன்று, கதையில் நீங்கள் தெளிவாக்காதது: மஞ்சுவுக்கு வேலை கொடுத்தது யார்? பணி ஆணை யார் பெயரில், பில் யாருக்கு? ஜெர்மன் பங்குதாரர்தான் கொடுத்தார், மூத்தவர் வெறுமனே பதிவை அனுப்பி வைத்தவர் என்றால், அவர் போனில் சொன்னது மஞ்சுவைக் கட்டுப்படுத்தாது. அப்போது முழுப் பதிவையும் சுருக்குவதுதான் அவள் ஒப்புக்கொண்ட வேலை.

இப்போது அந்த இருபது நிமிடத்தின் கனத்தைப் பார்ப்போம், ஏனென்றால் அதை மறைப்பது முதலாளிக்குச் செய்யும் விசுவாசம் என்று உங்கள் கதை நம்புகிறது. போட்டிக் கம்பெனிகள் டெண்டரைத் தங்களுக்குள் பங்கு போட்டுக்கொள்வதை 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 3ஆம் பிரிவு தடை செய்கிறது. கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் தேவையில்லை, வாய்வழிப் புரிதலே போதும். இந்தியப் போட்டி ஆணையம் அப்படிப்பட்ட கூட்டுக்கு விதிக்கக்கூடிய அபராதம், அது நீடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் லாபத்தின் மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் பத்து சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது வரை போகலாம். இந்தத் தொகைகளுக்கு முன்னால் அந்த மூன்று கோடிப் பேரம் சின்னதாகிவிடக்கூடும்.

அதே சட்டத்தின் 46ஆம் பிரிவில் ஒரு கதவும் இருக்கிறது. கூட்டில் இருந்த கம்பெனியே ஆணையத்திடம் போய் முழுசாகச் சொல்லி ஒத்துழைத்தால் அபராதத்தைக் குறைப்பார்கள். முதலில் போகிறவருக்கு நூறு சதவீதம் வரை, இரண்டாவதாகப் போகிறவருக்கு ஐம்பது வரை, மூன்றாவதற்கு முப்பது வரை. வரிசையில்தான் எல்லாம். கதையில் இருப்பது இரண்டு கம்பெனிகள்தான். மணல் பேச்சைக் கேட்டுக் கசந்துபோன இளையவர் அடுத்த வாரமே ஒரு வக்கீலோடு டெல்லிக்குப் போய்விட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மூத்தவர் பிந்திவிட்டார். அந்த இருபது நிமிடத்தைத் திங்கள்கிழமை படித்திருந்தால், பங்குதாரர் அன்றைக்கே மூத்தவரை ஒரு போட்டிச் சட்ட வக்கீலிடம் உட்கார வைத்திருப்பார். டெண்டர் இன்னும் போடவில்லை என்றால் அந்தப் பேச்சிலிருந்து விலகுகிறோம் என்று எழுத்தில் சொல்லி நிறுத்தவும் நேரம் இருந்திருக்கும். மூத்தவருக்கு மஞ்சு செய்யக்கூடிய பெரிய உதவி, "ஐயா, அந்தக் கடைசிப் பகுதியை எனக்கு அனுப்பின மாதிரி உங்க வக்கீலுக்கும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்க" என்று சொல்வதுதான். அவள் சட்டம் பேச வேண்டாம், இந்த ஒரு வரி போதும்.

மஞ்சுவையே இந்தக் கூட்டில் சேர்ப்பார்களா என்று நீங்கள் பயப்படத் தேவையில்லை. நடந்து முடிந்த பேச்சைக் கேட்டுச் சுருக்குகிறவர் கூட்டாளி இல்லை. இரண்டு பக்கத்துக்கும் விலைத் தகவலைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தால் கதை வேறு, 2023 திருத்தத்துக்குப் பிறகு அதே தொழிலில் இல்லாதவர்களையும் அப்படிச் சேர்க்க வழி இருக்கிறது.

ரகசியமும் பத்திரிகையும்

வக்கீலுக்கு இருக்கும் ரகசியக் கடமை மொழிபெயர்ப்பாளருக்கும் உண்டு என்பது ஒரு நிலையில் சரி. வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதைப் பாதுகாக்கும் பிரிவு, இப்போது சாட்சிய அதினியத்தில் 132, வக்கீலின் மொழிபெயர்ப்பாளருக்கும் குமாஸ்தாவுக்கும் பொருந்தும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆனால் மஞ்சுவை வக்கீல் அமர்த்தவில்லை, கம்பெனி அமர்த்தியது. அவளுக்கு இருப்பது ஒப்பந்தத்தில் போட்ட ரகசியக் கட்டுப்பாடு மட்டும். வெளியாரிடம் பேசாமல் இருக்க அது அவளைக் கட்டும், மீறினால் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடுவார்கள். ஆனால் கோர்ட்டோ ஆணையமோ கூப்பிட்டுக் கேட்டால் ஒப்பந்தத்தைக் காட்டி வாய் மூடிக்கொண்டிருக்க முடியாது. வக்கீல் மூலமாக வேலை வந்திருந்தாலும்கூட, சட்டவிரோதக் காரியத்தை நடத்திக்கொள்வதற்காகச் சொன்ன எதற்கும் 132ஆம் பிரிவு பாதுகாப்புத் தராது.

பத்திரிகைக்கு அனுப்பியதில்தான் மஞ்சு தனியாக நிற்கிறாள். நம் நாட்டில் 2014இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தகவல் வெளியிடுவோர் பாதுகாப்புச் சட்டம் அரசு ஊழியர்கள் மீதான புகார்களுக்கானது, அதுவும் உரிய அதிகாரியிடம் கொடுத்தால்தான், பத்திரிகைக்குக் கொடுத்தால் இல்லை. தனியார் கம்பெனிக்கு வேலை செய்யும் ஃப்ரீலான்ஸ் மொழிபெயர்ப்பாளரை அது காப்பாற்றாது. பெயர் சொல்லாமல் அனுப்பினாலும் அந்தப் பதிவு இருந்த இடங்கள் மூன்றோ நான்கோதான், மேலாளர், மூத்தவர், மஞ்சு என்று விரல்விட்டு எண்ணிவிடுவார்கள். பெயர்த் தகராறு, சமரசத் தொகை, குடும்பத்துக்குள் சொன்ன சொல் எல்லாமே டெண்டர் விஷயத்தோடு சேர்ந்து வெளியே போகும், அதில் பெரும்பகுதிக்குப் பொதுநலன் என்று அவளால் காரணம் சொல்ல முடியாது.

சொல்லித்தான் ஆக வேண்டும் என்று அவள் முடிவெடுத்தால் சரியான இடம் போட்டி ஆணையம். போட்டிச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம், பாதிக்கப்பட்டவராக இருக்க வேண்டியதில்லை, தன் அடையாளத்தை ரகசியமாக வைக்கும்படி கேட்கவும் முடியும். ஆனால் தகவல் கொடுப்பதற்கு முன், ஒப்பந்தத்தையும் கையில் எடுத்துக்கொண்டு மஞ்சு ஒரு வக்கீலைப் பார்க்க வேண்டும், மூத்தவரோடு சம்பந்தமில்லாத வக்கீலாக. சட்டவிரோதக் காரியத்தை மறைப்பதற்காகப் போட்ட ரகசிய ஒப்பந்தம் செல்லுமா என்ற கேள்விக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 23ஆம் பிரிவு அவளுக்குச் சாதகமாக நிற்கக்கூடும். அதற்கு ஒப்பந்தத்தின் வாசகத்தைப் படித்துப் பார்த்தால்தான் உறுதியாகச் சொல்ல முடியும்.

கதையை அனுப்பும் முன்

இது கற்பனைதான் என்று எழுதியிருக்கிறீர்கள், நானும் அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் மஞ்சுவின் தொழில்தான் உங்கள் தொழிலும், அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்களிடம் வேலைக்கு வந்த ஏதாவது ஒரு பதிவின் சாயல் இதில் இருந்தால், கதை என்ற பெயர் உங்கள் ரகசிய ஒப்பந்தத்துக்கு எதிராக நிற்காது. கோவை பம்ப் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். ஒரே குடும்பம், இரண்டு கம்பெனி, ஒரே மாதிரிப் பெயர், வெளிநாட்டுப் பங்குதாரர் என்று நான்கு அடையாளம் கொடுத்தால் பெயர் சொல்லாமலே படிப்பவர் ஆளைச் சொல்லிவிடுவார், சம்பந்தப்பட்டவர் தன்னைத்தான் குறிக்கிறது என்று காட்ட முடிந்தால் அவதூறு வழக்கு வரை போகலாம்.

ஊர், தொழில், உறவுமுறை, தொகை, டெண்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பதிவின் நீளத்தைக்கூட. தொழிலை மாற்றினால் அந்த மணல் வாக்கியமும் போய்விடும், அதன் இடத்தில் புதுத் தொழிலில் எது கிடைக்காவிட்டால் ஒரு வாரத்தில் பட்டறை நின்றுபோகுமோ அதைத் தேடிப் போடுங்கள்.